கல்லா நிறைந்தது, கடை வளர்ந்ததா?



இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் துணிக்கடை வைத்திருப்பவன் நான். கைலி, நைட்டி, உள்பாவாடை, புர்கா, பிள்ளைகளின் ஆயத்த உடுப்புகள், சட்டைத்துணி ஆகியவையே எங்கள் சரக்கு. வாப்பா தொடங்கிய கடை. உங்களில் பலருடைய வீட்டிலும் கடையோ, வீட்டிலிருந்தபடியே செய்யும் சிறு வியாபாரமோ இருக்கும் என்பதால், எனக்கு நேரவிருந்த ஓர் இழப்பையும், அதிலிருந்து தப்பிய விதத்தையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

2025ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் மார்ச் 31ஆம் தேதி வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அரசாங்கக் கணக்காண்டு முடிகின்ற நாளும் அதுவே. பெருநாளுக்கு முந்தைய இரவில் அதிகாலை மூன்று மணிக்குத்தான் கடையின் கதவை இறக்கினோம். பதினைந்து நாள் கழித்து ஆடிட்டரிடமிருந்து ஆண்டுக்கணக்கு வந்தது. முந்தைய ஆண்டு விற்பனை 78 லட்ச ரூபாய். இந்த ஆண்டு 91 லட்சத்து 20 ஆயிரம். நூற்றுக்குப் பதினேழு கூடுதல்! என் மனம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அதே வாரத்தில் எங்கள் கடைக்கு அடுத்த கடை காலியாயிற்று. முன்பணம் 8 லட்சம், மாத வாடகை 35 ஆயிரம். இரண்டு கடைகளையும் ஒன்றாக்கிவிட்டால் ஊரிலேயே பெரிய கடை நம்முடையதாகிவிடும் என்று மனம் துள்ளியது. வட்டிக்குப் பணம் வாங்குவதில்லை என்பது வாப்பா காலத்திலிருந்தே எங்கள் வீட்டின் உறுதி. ஆகவே மனைவியின் நகையில் 12 பவுனை விற்றுக் கொடுக்கலாம் என்று எண்ணி, இரவு உணவுக்குப் பின் மெல்லப் பேச்சை எடுத்தேன்.

அவள் மறுக்கவில்லை. கணக்குத் தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு, "மச்சான், நகையைத் தருவதில் எனக்குத் தடையில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். பழைய வீடுகள் எல்லாம் நம் கடைக்கு வருகின்றனவா?" என்றாள்.

"வராமல் எங்கே போகும்?" என்றேன்.

அவள் மூன்று வீட்டுப் பெயர்களைச் சொன்னாள். மூன்றும் வாப்பா காலத்து வாடிக்கை வீடுகள். "அந்த மூன்று வீட்டுப் பிள்ளைகளும் இந்தப் பெருநாளைக்கு உடுத்தியிருந்தது நம் கடைத் துணி இல்லை. நான் பார்த்தேன். மூன்று வீடு எனக்குத் தெரிகிறது, தெரியாமல் எத்தனையோ? அதை எண்ணிச் சொல்லுங்கள். பிறகு நகையை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றாள்.

அந்தக் கேள்விக்கு விடை தேடியதில்தான், கணக்குத் தாளில் பதினேழாக நின்ற வளர்ச்சி என் கண் முன்னே கரைந்து போயிற்று.

ஓராண்டில் இரண்டு பெருநாள்

என் சகோதரியின் மகன் வணிகவியல் படித்தவன். கடைக்குப் பில் போடும் கணினியை 2022இல் வைத்துக் கொடுத்தவனும் அவனே. அவனை அழைத்து உட்கார வைத்தேன். அவன் முதலில் விற்பனைத் தொகையைப் பார்க்கவில்லை, நாட்காட்டியைப் பார்த்தான்.

"மாமா, 2024இல் பெருநாள் எப்போது?" என்றான். ஏப்ரல் 11 என்றேன். "அப்படியானால் 2024 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து 11 வரை நடந்த பெருநாள் வியாபாரமும், 2025 மார்ச் மாதம் முழுவதும் நடந்த பெருநாள் வியாபாரமும் ஒரே கணக்காண்டில் விழுந்திருக்கின்றன. ஆடிட்டர் கணக்கில் தவறில்லை. ஆனால் அந்த ஆண்டுக்குள் இரண்டு பெருநாள் இருக்கின்றன" என்றான்.

நான் திகைத்துப் போனேன். பிறை ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ பதினோரு நாள் குறைவு என்பது நமக்குத் தெரியாததன்று. ஜகாத்துக்காகச் சரக்கை எண்ணி மதிப்பிடும்போது நோன்பிலிருந்து நோன்பு வரைதான் பார்க்கிறோம். ஆனால் வியாபாரம் வளர்ந்ததா என்று பார்க்கையில் மட்டும் ஏப்ரலிலிருந்து மார்ச் வரை பார்த்துவிடுகிறோம். எங்களைப் போன்ற துணிக்கடைக்கு ஆண்டு வியாபாரத்தில் ஒரு பெரிய பங்கு நோன்பின் கடைசிப் பத்து நாட்களில் நடக்கிறது. அந்தப் பத்து நாள் ஓராண்டில் இரண்டு முறை விழுந்தால் கடை வளர்ந்தது போலத் தோன்றும். ஒரு முறை மட்டும் விழும் ஆண்டில் கடை சரிந்தது போலத் தோன்றும்.

ஆகவே பெருநாளுக்குப் பெருநாள் என்று கணக்கை மாற்றினோம். 2023 ஏப்ரல் 22 பெருநாளுக்கு மறுநாளிலிருந்து 2024 ஏப்ரல் 11 பெருநாள் வரை முதல் ஆண்டு. அதற்கு மறுநாளிலிருந்து 2025 மார்ச் 31 பெருநாள் வரை இரண்டாம் ஆண்டு. முதலாவது 355 நாள், இரண்டாவது 354 நாள். ஒவ்வொன்றிலும் ஒரு நோன்பு, ஒரு பெருநாள், ஒரு ஹஜ்ஜுப் பெருநாள், ஒரு பள்ளிக்கூடத் திறப்பு. இப்போதுதான் இரண்டும் ஒத்த ஆண்டுகள்.

முதலாண்டு விற்பனை 76 லட்சம். இரண்டாம் ஆண்டு 79 லட்சத்து 20 ஆயிரம். பதினேழு என்று நான் மகிழ்ந்த வளர்ச்சி, நூற்றுக்கு நான்காகச் சுருங்கிற்று. விலைவாசி ஏற்றத்தைக் கழித்தால் அதிலும் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

சராசரி பில் சொன்ன பொய்

ஆயினும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. "ஒருவர் வந்தால் முன்பைவிட அதிகமாக எடுக்கிறார்கள். அதைப் பார்" என்றேன். மொத்த விற்பனையை மொத்தப் பில்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது சராசரி பில் தொகை. முதலாண்டில் 8,000 பில். ஒரு பில்லுக்கு 950 ரூபாய். இரண்டாம் ஆண்டில் 7,200 பில். ஒரு பில்லுக்கு 1,100 ரூபாய். பார்த்தவுடன் எனக்கு மீண்டும் உற்சாகம் பிறந்தது. பில்லின் எண்ணிக்கை குறைந்திருந்தாலும், மக்கள் நல்ல துணியாக, விலையுயர்ந்த துணியாக எடுக்கிறார்கள் என்று பொருள் கொண்டேன்.

மருமகன் பில்களை இரண்டு கட்டாகப் பிரித்தான். 500 ரூபாய்க்குக் கீழ்ப்பட்டவை ஒரு கட்டு. அதற்கு மேற்பட்டவை மற்றொரு கட்டு. பெரிய பில்கள் 4,400ஆக இருந்தவை 4,700ஆக உயர்ந்திருந்தன. அவற்றின் சராசரி 1,482இலிருந்து 1,525 ஆகியிருந்தது. அதாவது நூற்றுக்கு மூன்றுதான் கூடுதல்; பெரிதாக எடுக்கும் மனிதர் முன்பு எடுத்த அளவே எடுக்கிறார், விலை சற்று ஏறியிருக்கிறது, அவ்வளவே. ஆனால் சிறிய பில்கள்? 3,600ஆக இருந்தவை 2,500ஆக வீழ்ந்திருந்தன. ஆயிரத்து நூறு சிறிய பில்கள் எங்கள் கடையிலிருந்து மறைந்துவிட்டன.

சராசரி ஏன் ஏறியது என்பது இப்போது உங்களுக்கு விளங்கும். விளங்காதவர்களுக்காகச் சிறிய கணக்கு ஒன்று சொல்கிறேன். பத்துப் பேர் கடைக்கு வருகிறார்கள். ஐவர் ஆளுக்கு 300 ரூபாய்க்கும், ஐவர் ஆளுக்கு 1,500 ரூபாய்க்கும் எடுக்கிறார்கள். மொத்தம் 9,000, சராசரி 900. மறுமாதம் 300 ரூபாய்க்காரர் இருவர் வரவில்லை. மற்ற எட்டுப் பேரும் முன்போலவே எடுக்கிறார்கள். மொத்தம் 8,400, சராசரி 1,050. ஒருவர்கூட ஒரு முழம் அதிகமாக எடுக்கவில்லை; இருவர் கடையை விட்டுப் போயிருக்கிறார்கள்; வியாபாரம் 600 ரூபாய் குறைந்திருக்கிறது. சராசரி பில் மட்டும் 150 ரூபாய் ஏறி நிற்கிறது!

ஆகவே சராசரி பில் ஏறினால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். பில்லின் எண்ணிக்கையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்ணிக்கை குறையாமல் சராசரி ஏறினால் அது நல்ல செய்தியாக இருக்கக்கூடும். எண்ணிக்கை குறைந்து சராசரி ஏறினால், யார் போனார்கள் என்று தேடுங்கள். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. எடுத்த துணியை மாற்றிக்கொள்ள வருபவருக்குப் போடும் பில்லை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். கல்யாணத்துக்காக ஒரே வீட்டார் எடுக்கும் பெரிய பில்லைத் தனியே எழுதி வையுங்கள். அப்படிப்பட்ட ஒரு பில் வந்து விழுந்தாலே சிறிய கடையின் மாதச் சராசரி குலைந்துவிடும்.

திரும்பி வந்த வீடுகள்

இனி என் மனைவி கேட்ட கேள்விக்கு வருகிறேன். பழைய வீடுகள் வருகின்றனவா?

இதைக் கணக்கிடுவதில் ஒரு தவறான வழியும் ஒரு சரியான வழியும் உள்ளன. இந்த ஆண்டு வந்தவர்களில் எத்தனை பேர் பழையவர்கள் என்று பார்ப்பது பலரும் செய்வது. புதியவர்கள் கூட்டமாக வந்தால், பழையவர்கள் ஒருவர்கூடப் போகாதிருந்தாலும் அந்த விகிதம் குறைந்து காட்டும். புதியவர்கள் வரவே இல்லையென்றால், நூற்றுக்கு நூறும் பழையவர்கள் என்று காட்டும், கடையோ தேய்ந்துகொண்டிருக்கும். சரியான வழி, சென்ற ஆண்டின் பட்டியலைக் கையில் எடுத்துக்கொள்வது. அதில் உள்ள நூறு வீடுகளில் எத்தனை வீடுகள் இந்த ஆண்டு ஒரு முறையேனும் மீண்டும் வந்தன? அந்த எண்ணிக்கையே திரும்பி வருவோர் விகிதம்.

எங்கள் பில்லில் தொலைபேசி எண் இருக்கும். எண்ணை வைத்து எண்ணத் தொடங்கியபோது ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் கடையின் தலைசிறந்த வாடிக்கையாளர் யார் என்று பார்த்தால், ஓராண்டில் எண்ணூறு முறைக்கு மேல் வந்த ஒருவர்! அவருடைய எண் 9999999999. எண் சொல்ல விரும்பாதவர்களுக்கும், கூட்ட நேரத்தில் கேட்க மறந்தவர்களுக்கும் கல்லாவில் இருந்த தம்பி ஒன்பதாகத் தட்டிக்கொண்டே போயிருக்கிறார். அந்தப் பில்களை வீட்டுக் கணக்கிலிருந்து நீக்கினோம். நீங்களும் கணினியில் பார்ப்பதானால், அதிகமுறை வந்த இருபது எண்களை முதலில் கண்ணால் பார்த்துவிடுங்கள். கடைப் பையன்களின் சொந்த எண்ணும் அதில் இருக்கக்கூடும்.

அதன் பிறகு வந்த கணக்கு இது. 2022 மே 3 பெருநாளுக்கும் 2023 பெருநாளுக்கும் இடையில் வந்த வீடுகள் 2,100. அவற்றில் அடுத்த ஆண்டு மீண்டும் வந்தவை 1,365. நூற்றுக்கு அறுபத்தைந்து. அந்த அடுத்த ஆண்டில் புதியவர்களையும் சேர்த்து வந்த வீடுகள் 2,400. அவற்றில் அதற்கடுத்த ஆண்டு, அதாவது நான் மகிழ்ந்து கொண்டாடிய ஆண்டில், மீண்டும் வந்தவை 1,200. நூற்றுக்கு ஐம்பது.

அந்த ஆண்டில் புதிதாக 1,300 வீடுகள் வந்திருந்தன. ஆகவே மொத்த வீடுகள் 2,500. முந்தைய ஆண்டைவிட நூறு அதிகம்! கடைக்குள் கூட்டம் குறையாமல் தெரிந்ததன் காரணம் இதுதான். ஒரு வாசலால் பழையவர்கள் வெளியேற, மறு வாசலால் புதியவர்கள் வந்து கொண்டிருந்திருக்கிறார்கள். கல்லாவில் அமர்ந்திருந்த எனக்குத் தலைகள் தெரிந்தன, முகங்கள் தெரியவில்லை.

புதியவர்கள் வந்தது நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நல்லதுதான். ஆனால் அவர்கள் தாமாக வரவில்லை. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தும், ஊரெங்கும் பேனர் வைத்தும், கூப்பன் கொடுத்தும் அழைத்து வந்தோம். திரும்பி வந்த பழைய வீடு ஒன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 ரூபாய்க்கு எடுத்திருந்தது; புதிய வீடு ஏறத்தாழ 2,000 ரூபாய்க்கு எடுத்திருந்தது. பழைய வீட்டை அழைக்க நாங்கள் ஒரு காசும் செலவிடவில்லை. புதிய வீட்டுக்குச் செலவிட்டோம். பழைய வீடுகளின் கொள்முதல் 48 லட்சத்திலிருந்து 43 லட்சமாகக் குறைந்திருந்தது; புதியவர்களின் கொள்முதல் 20 லட்சத்திலிருந்து 27 லட்சமாக ஏறி அந்தப் பள்ளத்தை மறைத்திருந்தது.

மனைவி கையில் எடுத்த பட்டியல்

மீண்டும் வராத வீடுகளின் பட்டியலை மருமகன் அச்சிட்டுக் கொடுத்தான். அதில் எங்கள் தெருவையும் அடுத்த தெருக்களையும் சேர்ந்த அறுபது வீடுகளை என் மனைவி தேர்ந்தெடுத்துக்கொண்டாள். எண்ணைப் பார்த்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுப் பெயரைப் பார்த்து அவளுக்கு எல்லாம் விளங்கிற்று.

"இந்த வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார். அவர் வந்திருந்தபோது தம் எண்ணைச் சொல்லியிருக்கிறார். இப்போது அவருடைய மகள் வந்து தன் எண்ணைச் சொல்கிறாள். வீடு ஒன்றுதான்" என்றாள். இப்படி எண் மாறியவை மட்டும் பதினான்கு. ஊரை விட்டே குடிபெயர்ந்தவை ஒன்பது. எஞ்சிய முப்பத்தேழு வீடுகள் உண்மையிலேயே நம் கடையை விட்டவை.

இதிலிருந்து ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். எண்ணை வைத்து எடுக்கும் விகிதம் எப்போதும் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். எங்களுக்கு ஐம்பது என்று வந்தது, உண்மையில் அறுபதாகவும் இருக்கலாம். ஆனால் எண் மாறுவதும் ஊர் மாறுவதும் முந்தைய ஆண்டிலும்தான் நடந்திருக்கும். அளக்கும் கோல் இரண்டு ஆண்டும் ஒன்றே. ஆகவே ஐம்பது என்ற எண்ணைப் பெரிதாக நம்பவில்லை. அறுபத்தைந்திலிருந்து ஐம்பதுக்கு இறங்கியதை நம்பினேன்.

முப்பத்தேழு வீடுகளையும் அவள் ஒரு மாத காலத்தில், கல்யாண வீட்டிலும் நோயாளியை விசாரிக்கப் போன இடத்திலும், பேச்சோடு பேச்சாக விசாரித்துவிட்டாள். இருபத்தோரு வீடுகளில் கிடைத்த விடை ஏறத்தாழ ஒன்றே. ஒரு மூதாட்டி சொன்னதை அப்படியே தருகிறேன்: "மாடி ஏற முழங்கால் இடம் கொடுக்கவில்லை மகளே. நைட்டி ஒன்று எடுக்கப் பஜாரில் வேறு கடைக்குப் போனேன். அங்கே நாலைந்து தடவை போனதில் பழக்கமாகிவிட்டது. பெருநாளைக்கும் பிள்ளைகள் அங்கேயே எடுத்துவிட்டார்கள்."

மாடி! 2024 ஆகஸ்டில் நான் செய்த வேலை அது. நைட்டி, கைலி, உள்பாவாடை, கைக்குட்டை, தொப்பி போன்றவற்றில் லாபம் குறைவு. இடத்தை மட்டும் அடைக்கின்றன என்று, அவற்றையெல்லாம் மாடிக்கு ஏற்றிவிட்டேன். கீழ்த்தளம் முழுவதும் விசேஷ உடுப்புகளை வைத்தேன். கடை பளபளவென்று ஆயிற்று.

மூதாட்டியின் சொல் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்வது சரியன்று என்று மருமகன் சொன்னான். ஆகவே 500 ரூபாய்க்குக் கீழ்ப்பட்ட பில்களை மாதவாரியாக எண்ணினோம். ஜூலை வரை மாதத்துக்குச் சுமார் 300. ஆகஸ்டிலிருந்து சுமார் 180. மாடி ஏற்றிய மாதமே வீழ்ச்சி தொடங்கிய மாதம். அதன் பிறகு எனக்கு ஐயம் எழவில்லை.

280 ரூபாய் நைட்டியில் எனக்குக் கிடைத்த லாபத்தை மட்டும் பார்த்தேன். அந்த நைட்டிக்காக ஆண்டில் நான்கு முறை நம் படி மிதிக்கும் வீடுதான் பெருநாளன்று மூவாயிரத்துக்கும், மகள் கல்யாணத்தன்று முப்பதாயிரத்துக்கும் எடுக்கிறது என்பதைப் பார்க்கவில்லை. சிறிய பில்லைத் துரத்திய கை, பெரிய பில்லையும் சேர்த்தே துரத்தியிருக்கிறது. பெரிய பில் போனது உடனே தெரியவில்லை. அதற்குப் பெருநாள் வர வேண்டியிருந்தது.

அடுத்த கடையை நான் எடுக்கவில்லை. அங்கே இப்போது காலணிக் கடை இருக்கிறது. மே மாதத்தில் மாடிச் சரக்கைக் கீழே இறக்கி, வாசலுக்கு வலப்பக்கம் வைத்து, உட்கார்ந்து எடுக்க இரண்டு நாற்காலிகளும் போட்டோம். விசேஷ உடுப்புகள் மாடிக்குப் போயின. கல்யாணத்துக்கு எடுக்க வருபவர்கள் குடும்பத்தோடு, நேரம் ஒதுக்கி வருகிறார்கள். அவர்கள் மாடி ஏறத் தயங்குவதில்லை. வராதிருந்த வீடுகளில் பலவற்றுக்கு என் மனைவியே தொலைபேசியில், "சாமான்கள் கீழே வந்துவிட்டன" என்று மட்டும் சொன்னாள். கூப்பன் கொடுக்கவில்லை.

டிசம்பர் 2025இல் சிறிய பில்கள் மாதத்துக்கு 260 ஆகியிருந்தன. முந்தைய ஆண்டில் வராமல் போன வீடுகளில் 140 திரும்பி வந்திருந்தன. முழு விகிதத்தை அப்போதே எழுதிவிட முடியாது. துணிக்கடையில் ஒரு வீடு திரும்பவில்லை என்று சொல்ல, ஒரு பெருநாள் கடந்து ஓராண்டு முடிய வேண்டும்.

இதற்கிடையில் மருமகன் ஒரு நாள் முகம் வாடி வந்தான். "மாமா, சராசரி பில் இறங்குகிறது" என்றான். நான் சிரித்துவிட்டேன். முந்நூறு ரூபாய்க்காரர்கள் திரும்பி வந்தால் சராசரி இறங்கத்தானே செய்யும்? பில்லின் எண்ணிக்கையைக் கேட்டேன். ஏறியிருந்தது. அதே எண் ஏறியபோது நான் ஏமாந்தேன், இறங்கியபோது நிம்மதியடைந்தேன்.

உங்கள் கடைக்கு

கணினி இல்லாத வாசகர்கள் கவலைப்பட வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். வீட்டில் தையல் தைக்கும் சகோதரி, ஊறுகாய் போட்டு விற்கும் சகோதரி, தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருப்பவர் ஆகிய எவரும் செய்யலாம்.

ஒவ்வொரு விற்பனைக்கும் தேதி, வீட்டுப் பெயர், தொகை ஆகிய மூன்றையும் எழுதுங்கள். தொலைபேசி எண்ணைவிட நம் ஊர்களில் வீட்டுப் பெயரே உறுதியானது. வாங்க வருபவர் தாயானாலும் மகளானாலும் வீடு ஒன்றே.

எவ்வளவு காலத்துக்கு ஒரு முறை பார்ப்பது என்பதை உங்கள் சரக்கு முடிவு செய்யட்டும். மளிகை மாதம்தோறும் வாங்கப்படுவது. சென்ற மாதம் வந்த வீடுகள் இந்த மாதம் வந்தனவா என்று பாருங்கள். தையலுக்கும் துணிக்கும் பெருநாளுக்குப் பெருநாள் பாருங்கள். மளிகைக்கு ஓராண்டு காத்திருந்தால், நோய் முற்றிய பின் மருத்துவரிடம் போனது போலாகும். துணிக்கு ஒரு மாதம் பார்த்தால், போகாதவரைப் போனவர் என்று எழுதுவீர்கள்.

காலம் முடிந்ததும் சென்ற முறைப் பட்டியலிலிருந்து நூறு வீடுகளை எடுங்கள். ஒரு வீட்டை ஒரு முறைதான் எழுத வேண்டும். பில் புத்தகத்தைப் புரட்டி எடுத்தால் அடிக்கடி வருபவர்களே கையில் அகப்படுவார்கள். கடை நன்றாக இருப்பது போலத் தோன்றும். ஆகவே முதலில் வீடுகளின் பெயர்ப் பட்டியலை எழுதி, அதில் வரிசையாக இடைவெளி விட்டு எடுங்கள். இந்த முறை வந்த வீட்டுக்கு நேரே ஒரு குறி போடுங்கள். குறிகளை எண்ணுங்கள். அதனடியில் மொத்தப் பில் எண்ணிக்கையையும் சராசரி பில்லையும் எழுதுங்கள். மூன்று எண்கள், ஒரு வரி. அடுத்த முறை அதன் கீழே இன்னொரு வரி.

குறி விழாத வீடுகளின் பெயரை உங்கள் வீட்டுப் பெண்களிடம் படித்துக் காட்டுங்கள். நான் ஏழு மாதம் கல்லாவில் அமர்ந்து காணாததை, என் மனைவி பெருநாள் அன்று பிள்ளைகளின் உடுப்பைப் பார்த்துக் கண்டுகொண்டாள்.

அந்த 12 பவுன் இன்னும் அவளுடைய அலமாரியில்தான் இருக்கிறது. வரும் பெருநாள் முடிந்ததும் நோட்டில் அடுத்த வரியை எழுத வேண்டும். பழைய வீடுகள் மீண்டும் நூற்றுக்கு அறுபத்தைந்தைத் தொட்டால், இன்ஷா அல்லாஹ், பெரிய கடையைப் பற்றி அவளிடம் மறுபடியும் பேச்செடுப்பேன். அதற்கு முன் எடுக்க மாட்டேன்.

வஸ்ஸலாம்.